வடக்கே பனியும் மழையும்: மேற்கத்திய இடையூறு பற்றி வந்த கேள்விகள்

மார்கழி, தை வந்தால் இந்தப் பகுதிக்கு வடநாட்டு வானிலை பற்றிய கடிதங்கள்தான் அதிகம் வரும். பிள்ளைகள் டெல்லியில் வேலை பார்க்கிறார்கள், லாரிகள் லூதியானா வரை போகின்றன, குடும்பங்கள் காஷ்மீர் சுற்றுலாவுக்குப் பணம் கட்டிவிட்டன. வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

நமக்கு மழை முடிந்த பிறகு ஜனவரியில் பஞ்சாபில் மழை பெய்கிறதே, வடகிழக்குப் பருவமழை அங்கேயும் போகுமா? (திருநகர்)

போகாது. அது வேறு மழை, வேறு காற்று. குளிர்காலத்தில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் ஜெட் காற்று, இமயமலைக்குத் தெற்கே இறங்கி வட இந்தியாவின் தலைக்கு மேல் ஓடும். மத்தியதரைக் கடல், காஸ்பியன் கடல் பக்கம் உருவாகும் காற்றழுத்தத் தாழ்வுகள் இந்த மேற்குக் காற்றோடு சேர்ந்து ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் தாண்டி வருகின்றன. இவைதான் மேற்கத்திய இடையூறுகள். குளிர்கால மாதம் ஒன்றுக்கு நாலைந்து வரும். நம் வங்கக்கடல் புயலுக்குச் சூடான கடல் வேண்டும். இதற்கு அது தேவையில்லை. வடக்கிலுள்ள குளிர்ந்த காற்றுக்கும் தெற்கிலுள்ள வெதுவெதுப்பான காற்றுக்கும் இடையிலுள்ள வெப்ப வேறுபாடுதான் இதற்குச் சக்தி. அதனால் தரைக்கு மேலேயே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வர முடிகிறது.

இதன் நடுவே வடக்கு தெற்காக ஓடும் கோட்டை அச்சு என்பார்கள். அதற்குக் கிழக்கே காற்று மேலே ஏறும், அங்கே மேகமும் மழையும். மேற்கே காற்று கீழே இறங்கும், அங்கே வானம் வெளுத்துவிடும். ஏறும் காற்றை இமயமலை இன்னும் மேலே தள்ளுவதால் மலையில்தான் அதிகம் கொட்டும்.

டெல்லிக்கு வந்த மேற்கத்திய இடையூறு மதுரைக்கு எத்தனை நாளில் வரும்? (வில்லாபுரம்)

வராது. அது கிழக்கே போகும், தெற்கே இறங்காது. தெற்கு வரை நீளும் ஆழமான இடையூறு ஒன்று வங்கக்கடல் புயலை வடகிழக்காகத் திருப்பிவிடுவது உண்டு, அவ்வளவுதான் நமக்கும் அதற்கும் உள்ள தொடர்பு. வட இந்தியா மேல் மேகம் நிற்கும் செயற்கைக்கோள் படத்தைப் போட்டு 'தமிழ்நாட்டை நோக்கி' என்று வரும் வாட்ஸ்அப் செய்திகளை யாருக்கும் அனுப்பாதீர்கள்.

மேற்கத்திய இடையூறு வருகிறது என்று செய்தியில் சொன்னார்கள். டெல்லியில் இருக்கும் மகனைக் கேட்டால் வெறும் மூட்டம், ஒரு சொட்டுகூட இல்லை என்கிறான். வானிலைத் துறை எதற்காகப் பொய் சொல்கிறது? (அண்ணா நகர்)

பொய் சொல்லவில்லை. இந்தக் குற்றச்சாட்டு ஒவ்வொரு குளிர்காலமும் வருகிறது, ஒவ்வொரு முறையும் எனக்கு வருத்தமாக இருக்கிறது. காரணம், அறிக்கையில் தெளிவாக எழுதியிருப்பதைச் செய்தி சொல்பவர்களும் படிப்பதில்லை, கேட்பவர்களும் படிப்பதில்லை. 'மேற்கத்திய இடையூறு' என்ற பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு மழை வரும் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் அறிக்கையில் இப்படி ஒரு வரி இருக்கும்: நடு வளிமண்டல மேற்குக் காற்றில் ஒரு தாழ்வு, அதன் அச்சு கடல் மட்டத்துக்கு மேல் 5.8 கிலோமீட்டர் உயரத்தில், கிழக்குத் தீர்க்கரேகை 62 டிகிரியை ஒட்டி, வடக்கு அட்சரேகை 28 டிகிரிக்கு வடக்கே. முதலில் 62 டிகிரியைப் பாருங்கள். அது ஆப்கானிஸ்தானின் மேற்கு எல்லைப் பக்கம். டெல்லி 77 டிகிரியில் இருக்கிறது, இடையில் 15 டிகிரி. இடையூறு ஒரு நாளில் எட்டிலிருந்து பத்து டிகிரி நகரும் என்று வைத்துக்கொண்டால், அச்சு டெல்லியைத் தொட ஒன்றரை இரண்டு நாள் ஆகும். மழை அச்சுக்குக் கிழக்கே முன்னாலேயே வந்துவிடும். ஆக, மழை வருவதானால் மறுநாளே தொடங்கலாம்.

வருமா என்பதைச் சொல்வது இரண்டாவது எண். '28-க்கு வடக்கே' என்றால் தாழ்வின் தென்கோடி ஏறக்குறைய டெல்லி வரை எட்டுகிறது என்று பொருள். அதே இடத்தில் '32-க்கு வடக்கே' என்று இருந்தால் காஷ்மீரிலும் இமாச்சலத்தின் உயரங்களிலும் பனி விழும், டெல்லிக்கு உயரமான மேகம் மட்டும் மிஞ்சும். உங்கள் மகன் பார்த்தது இதுவாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். '22-க்கு வடக்கே' என்றால் தாழ்வு ஆழமானது; ராஜஸ்தானும் மத்தியப் பிரதேசமும்கூட நனையலாம்.

இத்தோடு முடியவில்லை. சமவெளியில் குளிர்காலக் காற்று வறண்டது. மேலே இருக்கும் மேகத்திலிருந்து விழும் துளி தரைக்கு வருமுன் காய்ந்துபோகும். கீழேயும் ஈரம் சேர வேண்டும். அதற்குத்தான் ராஜஸ்தானின் தென்மேற்கில் ஒரு கீழடுக்கு சுழற்சி உருவாக வேண்டும். மேலே வரும் இடையூறு தூண்டிவிடுவதால் பிறக்கும் சுழற்சி அது. அது அரபிக்கடலின் ஈரத்தை இழுத்துப் பஞ்சாப், ஹரியானா, டெல்லி மேல் கொண்டுவந்து விடும். அறிக்கையில் அந்தச் சுழற்சியும் அரபிக்கடல் ஈரமும் சொல்லப்பட்டிருக்கிறதா என்று தேடுங்கள். இரண்டும் இல்லையென்றால் சமவெளிக்குப் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

எல்லாம் கூடி வந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2022 ஜனவரி முதல் வாரக் கடைசி நல்ல உதாரணம். ஆழமான தாழ்வு, ராஜஸ்தானில் சுழற்சி, அரபிக்கடல் ஈரம் மூன்றும் சேர்ந்தன. டெல்லியில் நாள்கணக்கில் மழை. அந்த ஜனவரி முழுக்கச் சேர்த்து அங்கே பெய்தது 90 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, 1901-க்குப் பின் எந்த ஜனவரியிலும் இல்லாத அளவு. சாதாரணமாக அந்த மாதத்தில் 20 மில்லிமீட்டர் கிடைத்தாலே பெரிது. அதே நாட்களில் பாகிஸ்தானின் மலை நகரமான மர்ரியில், சுமார் 2,300 மீட்டர் உயரத்தில், அது கடும் பனியாக விழுந்தது. பனி பார்க்கப் போனவர்களின் வண்டிகள் சாலையில் சிக்கி, இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

அடுத்த முறை செய்தியில் பெயரைக் கேட்டதும் மகனுக்குப் போன் போடாமல், துறையின் இணையதளத்தில் அந்த ஒரு வரியைப் படியுங்கள்.

ஜனவரியில் குடும்பத்தோடு குல்மார்க் போகிறோம். பனி நிச்சயம் என்று டிராவல்ஸில் சொல்கிறார்கள். சரியா? (சிம்மக்கல்)

யாராலும் நிச்சயம் சொல்ல முடியாது. 2024 ஜனவரியில் மாதத்தின் பெரும்பகுதி குல்மார்க் புல்வெளி வெறுமையாகக் கிடந்தது. பலமான இடையூறு ஒன்றும் வராததுதான் காரணம். மாதக் கடைசியில்தான் நல்ல பனி விழத் தொடங்கியது. முன்பதிவு செய்த எத்தனையோ பேர் அதற்குள் திரும்பிவிட்டார்கள்.

ஸ்ரீநகரில் மழை பெய்தால் ஏமாற்றம் வேண்டாம். ஸ்ரீநகர் ஏறக்குறைய 1,600 மீட்டர், குல்மார்க் 2,650 மீட்டர். ஆயிரம் மீட்டருக்கு ஆறு டிகிரி குறையும் என்று வைத்துக்கொண்டால், கீழே 4 டிகிரியில் மழை பெய்யும்போது மேலே மைனஸ் 2, அதாவது பனி. ஐந்து நாளுக்கு மேற்பட்ட முன்னறிவிப்பை நம்பிப் பயணத்தை மாற்றாதீர்கள். அதற்கு அப்பால் இடையூறு வரும் என்று தெரியலாம், எவ்வளவு ஆழம் என்று தெரியாது. எத்தனை நாள் பயணம் என்று நீங்கள் எழுதவில்லை. ஜம்மு–ஸ்ரீநகர் சாலை ராம்பன் பக்கம் மண் சரிந்து அடைபடுவது வழக்கம் என்பதால் திரும்பும் தேதிக்கு முன் இரண்டு நாளாவது கையில் வையுங்கள். வண்டி பனியில் சிக்கிவிட்டால், பனி மூடிய புகைக்குழாயோடு இன்ஜினை ஓடவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உட்காராதீர்கள். புகை உள்ளே திரும்பும். அதில் வாசனையே தெரியாமல் உயிரை எடுக்கும் வாயு இருக்கிறது.

லூதியானாவுக்கு எங்கள் லாரி போகிறது. மழை என்று சொல்லும் நாளில் நிறுத்திவைக்கச் சொல்லவா? (கப்பலூர்)

மழை நாளைவிட, மழை நின்ற மறுநாள் ராத்திரியைப் பார்த்துக்கொள்ளுங்கள். இடையூறு நெருங்கும்போது மேகம் மூடும், தெற்கிலிருந்து காற்று வரும், இரவுக் குளிர் குறையும். அது கடந்துபோனதும் வானம் தெளிந்துவிடும். நனைந்த மண், தெளிந்த வானம், அசையாத காற்று மூன்றும் சேர்ந்தால் பஞ்சாப், ஹரியானா, மேற்கு உத்தரப் பிரதேசம் முழுக்க அடர்ந்த மூடுபனி இறங்கும். முன்னால் போகும் வண்டியின் விளக்கே தெரியாது. விபத்துகள் நடப்பது அப்போதுதான். அதற்கப்புறம் வடமேற்குக் காற்று வேகமெடுத்தால் மூடுபனி விலகும், ஆனால் கடுங்குளிர் வரும். டிரைவரிடம் கம்பளி இருக்கிறதா என்று கேளுங்கள்.

வடக்கே குளிர்கால மழை நன்றாக இருந்தால் கோதுமை விலை இறங்கும் என்று கடையில் பேசிக்கொள்கிறோம். நம்பலாமா? (கீழமாசி வீதி)

எந்த மாத மழை என்று சேர்த்துப் பேசுங்கள். நவம்பரில் விதைத்த கோதுமைக்கு ஜனவரி, பிப்ரவரியில் பெய்யும் மிதமான மழை பெரிய உதவி. பாசனத் தண்ணீர் மிச்சம், குளிரும் நீடிக்கும். அதே இடையூறு மார்ச் பாதிக்கு மேல் ஆலங்கட்டியும் பலத்த காற்றுமாக வந்தால், கதிர் பிடித்த பயிர் சாய்ந்து நாசமாகும். அப்போது வராமலே போனாலும் ஆபத்துதான். 2022 மார்ச்சில் வடமேற்கு இந்தியாவில் மழை மிகக் குறைவு, வெயில் முன்கூட்டியே ஏறியது, மணி முற்றும் முன்பே சுருங்கியது. விளைச்சல் குறைந்து விலை ஏறவே, மே 13 அன்று மத்திய அரசு கோதுமை ஏற்றுமதிக்குத் தடை போட்டது. ஆகவே பிப்ரவரியில் பெய்த மழையை வைத்து ஏப்ரல் விலையைக் கணக்குப் போடாதீர்கள். மார்ச் முடியட்டும்.

கொடைக்கானலில் உறைபனி விழுவதும் இதனால்தானா? (வத்தலக்குண்டு)

இல்லை. மேகமற்ற இரவில் தரை தன் வெப்பத்தை இழக்கும். பக்கத்துக் காற்றின் ஈரம் புல்மேல் உறையும். மேலிருந்து எதுவும் விழுவதில்லை.

இடையூறு குளிர்காலத்தோடு நின்றுவிடுமா? (மேலூர்)

நிற்காது. குறையும், வடக்கே ஒதுங்கும். ஆனால் பருவமழையோடு மோதினால் கொடூரம். 2013 ஜூன் 16, 17 தேதிகளில் கேதார்நாத்தில் நடந்தது அதுதான். வழக்கத்துக்கு முன்பே வந்துவிட்ட பருவமழை ஈரத்தைக் கொடுத்தது, மேற்கிலிருந்து வந்த தாழ்வு அந்தக் காற்றை மலைமேல் தூக்கியது. மலைப்பனி உருகும் நேரத்தில் அத்தனை மழையும் கொட்டியதில் கோயிலுக்கு மேலிருந்த சோராபாரி ஏரி உடைந்தது.

அடுத்த வாரம் வடக்கே மழை இருக்குமா? (பெயர், ஊர் இல்லை)

வடக்கே என்றால் ஜம்முவா, ஜெய்ப்பூரா? இரண்டுக்கும் நடுவே எட்டு ஒன்பது நூறு கிலோமீட்டர் சாலை. ஒன்றில் நாள் முழுக்கக் கொட்டும்போது மற்றதில் வெயில் காயலாம். ஊரையும் தேதியையும் எழுதுங்கள். தேதி ஐந்து நாளுக்கு மேல் தள்ளி இருந்தால் அந்தத் தேதி நெருங்கியபின் எழுதுங்கள்.