வயதானவர்களுக்குத் தண்ணீராகப் போனால் பேதிதானா? சிஸ்டரிடம் கேள்வி பதில்

நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு மருமகள்: சிஸ்டர், மாமியாருக்கு 78 வயசு. இடுப்பு எலும்பு ஆபரேஷன் ஆகி ஒன்றரை மாசம், கட்டிலிலேயேதான் இருக்காங்க. நாலு நாளா தண்ணி மாதிரி போகுது, நாளைக்கு ஏழெட்டு டயப்பர். பேதி நிக்கிற மாத்திரை கொடுத்தா கொஞ்சம் குறையுது, திரும்ப வந்துடுது. ஆன்டிபயாடிக் போடலாமா?

ஆன்டிபயாடிக் இருக்கட்டும், முதலில் அந்த மாத்திரையை நிறுத்துங்கள். அப்புறம் எனக்கு மூன்று விஷயம் சொல்லுங்கள். கடைசியாக உருண்டு திரண்ட மலம் எப்போது போனார்? ஒவ்வொரு டயப்பரிலும் எவ்வளவு இருக்கிறது, நனைந்து வழிகிறதா, ஒன்றிரண்டு ஸ்பூன் கறையா? வருவது அவருக்குத் தெரிகிறதா? வலிக்கு, எலும்புக்கு என்னென்ன மாத்திரை ஓடுகிறது என்பதையும் எழுதுங்கள்.

அதே மருமகள்: கட்டியா போய் பத்து, பன்னிரண்டு நாள் இருக்கும், அதுவும் ஆட்டுப்புழுக்கை மாதிரி. இப்ப டயப்பர்ல கொஞ்சம் பழுப்புத் தண்ணிதான், ஆனா நாத்தம் தாங்கல. வந்தது அவங்களுக்கே தெரியல. சாப்பாட்டைப் பார்த்தாலே வேண்டாங்கிறாங்க, வயிறு உப்பியிருக்கு, ஒன்னுக்கும் சரியா போகல. ட்ரமடால், அயர்ன், கால்சியம் மூணும் சாப்பிடறாங்க.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் பேதியை விட அடைப்புக்குத்தான் வாய்ப்பு அதிகம். மலக்குடலில் நாள்கணக்கில் தங்கிய மலத்திலிருந்து குடல் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், கடைசியில் அது வெளியே வர முடியாத அளவுக்குப் பெரிய, கெட்டியான உருண்டையாகிவிடும். ஆனால் அதற்கு மேலே இருப்பது இன்னும் இளகலாகத்தான் இருக்கிறது, அது அந்த உருண்டையைச் சுற்றி இடுக்கு வழியாகக் கசிந்து கீழே வருகிறது. வாய்க்காலில் மண்மூட்டை விழுந்தால் ஓரமாகத் தண்ணீர் ஒழுகுமே, அது மாதிரிதான். மலக்குடல் விரிந்தே கிடப்பதால் ஆசனவாயின் உள்தசையும் தளர்ந்துவிடும், நிறைந்திருக்கிறது என்ற உணர்வும் மங்கிவிடும், அதனால்தான் அவருக்கே தெரியாமல் வருகிறது. உண்மையான பேதியில் பெரும்பாலும் அளவு அதிகம், வயிற்றைப் பிசையும், அவசரமாகக் கூப்பிடுவார்கள்.

பேதி மாத்திரை குடலின் ஓட்டத்தைக் குறைக்கும். கசிவு ஒருநாள் குறைந்தது போலத் தெரியும், ஆனால் உள்ளே உருண்டை இன்னும் இறுகும். ட்ரமடாலும் குடலைத் தூங்கவைக்கும், அயர்னும் கால்சியமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம், போதாததற்கு நடையும் இல்லை. ஆனால் இந்த மூன்றில் எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள், எழுதிக்கொடுத்த டாக்டரிடம் மொத்தப் பட்டியலையும் காட்டுங்கள்.

ஒன்றுக்குப் போகாததும் இதோடு சேர்ந்ததாக இருக்கலாம், நிரம்பிய மலக்குடல் சிறுநீர்ப்பையின் வழியை அழுத்தும். இன்றைக்கே ஒரு டாக்டரோ, பழகிய நர்ஸோ கையுறை போட்டு விரல் விட்டுப் பார்க்க வேண்டும். இது ஒரு நிமிஷ வேலைதான், கூச்சத்தால்தான் தள்ளிப்போடுகிறார்கள். வாந்தி எடுத்தாலோ, வயிறு கல்லாகி வலித்தாலோ, காய்ச்சலோ ரத்தமோ இருந்தாலோ வீட்டுக்கு யாரையும் வரவழைத்துக்கொண்டு இருக்காதீர்கள், நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள். இறுகிய மலம் குடல்சுவரை அழுத்திப் புண்ணாக்கும், அபூர்வமாக ஓட்டையே போட்டுவிடும்.

முதலியார்பேட்டை, மருந்துக்கடையில் வேலை செய்பவர்: அடைப்புன்னு தெரிஞ்சா சிம்பிள்தானே சிஸ்டர், இசப்கோலும் விளக்கெண்ணெயும் கொடுத்தா தள்ளிடும். நாங்க கடையில் அதைத்தான் சொல்றோம்.

அடைப்பை எடுக்க வேண்டும் என்பது சரி தம்பி, வழி தப்பு. இசப்கோல் தண்ணீரை இழுத்துப் பருமனாகும் பொருள். தண்ணீர் சரியாகக் குடிக்காத, படுத்தே கிடக்கும் ஆளுக்கு, வாசல் மூடியிருக்கும்போது கொடுத்தால் அடைப்பின் மேல் அடைப்பு. விளக்கெண்ணெய் குடலை முறுக்கித் தள்ளும், முன்னால் வழியில்லை என்றால் வலிதான் மிஞ்சும். லிக்விட் பாரஃபின் கலந்த சிரப்பையும் படுத்திருப்பவருக்குக் கொடுக்காதீர்கள், புரையேறி நுரையீரலுக்குள் போனால் அது வேறு கதை.

பொதுவாகக் கீழிருந்து தொடங்குவோம். மலம் மென்மையாக இருந்தால் கிளிசரின் அல்லது பிசாகோடில் சப்போசிட்டரி போதும். கெட்டியாக இருந்தால் இளக்கும் எனிமா, அதற்கும் மசியாவிட்டால் ஜெல் தடவிய விரலால் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்து எடுப்பது. இந்தக் கடைசி வேலையைப் பழக்கமில்லாதவர் செய்யக்கூடாது, நாடித்துடிப்பு குறைந்து மயங்கிய பெரியவர்கள் உண்டு. பாஸ்பேட் எனிமாவைச் சிறுநீரகக் கோளாறு உள்ள முதியவருக்குக் கண்ணை மூடிக்கொண்டு விற்காதீர்கள், ரத்தத்தில் பாஸ்பேட் ஏறி கால்சியம் இறங்கிவிடும். சோப்புத்தண்ணீர் எனிமா குடலைப் புண்ணாக்கும், வேண்டாம்.

மேலிருந்து கொடுக்கத் தோதானது பாலிஎத்திலீன் கிளைக்கால் பவுடர், ஆனால் குடல் முழுதாக அடைபடவில்லை என்று டாக்டர் உறுதி செய்த பிறகுதான். அது கொடுக்கும்போது கசிவு முதலில் கூடும். வீட்டுக்காரர்கள் பயந்துபோய் மறுபடி உங்கள் கடைக்கே பேதி மாத்திரைக்கு வருவார்கள், கொடுத்துவிடாதீர்கள்.

லாஸ்பேட்டை, 34 வயது: எனக்கும் நேத்து ராத்திரி இறால் சாப்பிட்டதிலிருந்து தண்ணியா போகுது, பத்து தடவைக்கு மேல. எனக்கும் உள்ள கட்டி இருக்குமோ?

இல்லை. நேற்றுவரை ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த ஆளுக்கு இறால் சாப்பிட்ட ராத்திரியே அவசரமாகப் பலமுறை போனால் அது பேதியேதான். ஓ.ஆர்.எஸ். குடியுங்கள். ரத்தமோ காய்ச்சலோ வந்தாலும், ஒன்றுக்குப் போவது குறைந்தாலும் டாக்டரிடம் போங்கள்.

பண்ருட்டி, மகன்: அப்பாவுக்கு பார்க்கின்சன், 81 வயசு. இதே கசிவுதான். டாக்டர் விரல் விட்டுப் பார்த்துட்டு மலக்குடல் காலியா இருக்குன்னார். அப்ப அடைப்பு இல்லைன்னு முடிவு பண்ணிடலாமா?

முடிவு பண்ண முடியாது. விரல் எட்டும் தூரம் கொஞ்சம்தான், அதற்கு மேலே பெருங்குடலில் தேங்கியிருக்கலாம். பார்க்கின்சனில் குடலே மெதுவாகத்தான் நகரும், நடுக்கத்துக்குக் கொடுக்கும் ட்ரைஹெக்சிஃபெனிடில் போன்ற மாத்திரை இன்னும் மெதுவாக்கும். வயிற்றுக்கு ஒரு எக்ஸ்ரே எடுக்கலாமா என்று கேளுங்கள். அதே சமயம் இது நிஜ பேதியாகவும் இருக்கலாம். சமீபத்தில் ஆன்டிபயாடிக் எடுத்தாரா, சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் கூட்டினார்களா, எடை குறைகிறதா என்பதெல்லாம் தெரியாமல் இங்கிருந்து ஒன்றும் சொல்ல மாட்டேன்.

நெல்லிக்குப்பம் மருமகள், மறுநாள்: நீங்க சொன்ன மாதிரியே டாக்டர் பார்த்தார், கல்லு மாதிரி இருந்துச்சாம். எனிமா கொடுத்து, கொஞ்சம் கையாலயும் எடுத்தாங்க. சாயந்திரமே ஒன்னுக்கு நல்லா போனாங்க, ரெண்டு இட்லி சாப்பிட்டாங்க. ஆனா இன்னிக்கும் லேசா கசியுது. மறுபடி அடைச்சிடுச்சா?

ஒரே நாளில் அடைக்காது. மேலே மிச்சம் இருந்து இறங்கிக்கொண்டிருக்கலாம், அதனால்தான் பவுடரை இரண்டு மூன்று நாள் தொடரச் சொல்வார்கள். விரிந்த மலக்குடல் பழைய நிலைக்கு வரவும் நாளாகும், சிலருக்கு வாரக்கணக்கில். மூன்றாம் நாளும் கசிந்தால் மறுபடி விரல் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

ட்ரமடால் ஓடும்வரை தினமும் ஒரு மலமிளக்கி வேண்டும், லாக்டுலோஸோ அதே பவுடர் சிறிய அளவிலோ, அளவை டாக்டர் சொல்லட்டும். காலை இட்லியும் காப்பியும் முடிந்த கால்மணி நேரத்தில் கமோடு நாற்காலியில் உட்காரவையுங்கள், சாப்பிட்டதும் குடல் தானாக அசையும் நேரம் அது. காலுக்குக் கீழே ஒரு மணைப்பலகை வைத்தால் முக்குவது குறையும், ஆபரேஷன் ஆன இடுப்பை எவ்வளவு மடக்கலாம் என்று மட்டும் எலும்பு டாக்டரிடம் கேட்டுவிட்டு வையுங்கள். காலண்டரில் போன நாள், கட்டியா, புழுக்கையா, தண்ணீரா என்று குறியுங்கள். மூன்று நாள் காலியாக இருந்தால் நாலாவது நாள் கசிவுக்காகக் காத்திருக்காமல் டாக்டருக்குப் போன் பண்ணுங்கள்.