கேள்வி பதில்: பள்ளியின் செயற்கைக்கோள் இணைப்புக்கு எவ்வளவு மழை மார்ஜின் வேண்டும்?

ஓர் ஆசிரியை: எங்கள் பள்ளி டிஷ் 1.2 மீட்டர், கேயூ பேண்ட். "9 டெசிபெல் மார்ஜின் இருக்கிறது, கவலை வேண்டாம்" என்றார் பொருத்தியவர். கனமழையில் பாடம் நின்றுவிடுகிறது. அவர் தவறாகச் சொன்னாரா?

மார்ஜின் என்பது இணைப்பு அறுவதற்கு முன் சிக்னல் எவ்வளவு குறையலாம் என்ற உபரி. அவர் சொன்ன எண் சரிதான். ஆனால் அந்த 9 முழுவதும் மழைக்குக் கிடைக்காது.

வெயில் நாளில் உங்கள் மோடம் திரையில், சிக்னல் இரைச்சலைவிட எவ்வளவு மேலே இருக்கிறது என்று சொல்லும் Es/N0, 11 டெசிபெல் என்று காட்டுவதாக வைத்துக்கொள்வோம். QPSK 1/2 என்ற அனுப்பும் முறை ஓடுவதற்கு 1 டெசிபெல் போதும். நடைமுறைக் குறைகளுக்கு இன்னொன்று சேர்த்தால் 2 ஆகும். மீதி 9. இதுவரை கணக்கு சரி.

மழை இரண்டு வழிகளில் தின்கிறது. முதலாவது, சிக்னலை உறிஞ்சிவிடுகிறது. இரண்டாவதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். தெளிந்த வானம் குளிர்ந்தது. டிஷ்ஷும் அதன் முனையில் சிக்னலை வாங்கிப் பெருக்கும் எல்.என்.பி.யும் சேர்ந்து சுமார் 120 கெல்வின் இரைச்சல்தான் இருக்கும். மழைத்துளிகளோ வெதுவெதுப்பானவை. சிக்னலை உறிஞ்சும் அதே துளிகள் தங்கள் இரைச்சலையும் டிஷ்ஷுக்குள் அனுப்புகின்றன:

```
T = 275 × (1 − 10^(−A/10))
```

T என்பது கெல்வினில் கூடும் இரைச்சல், A என்பது டெசிபெலில் மழை உறிஞ்சும் அளவு. அது 5 டெசிபெல் என்றால் கூடும் இரைச்சல் 188 கெல்வின். 120 ஆக இருந்தது 308 ஆகிறது; அதுவே 4.1 டெசிபெல் இழப்பு. ஐந்தும் நாலும் ஒன்பது. உங்கள் மார்ஜின் அங்கேயே தீர்ந்துவிடுகிறது. ஆக உங்களிடம் இருப்பது 5 டெசிபெல் மழையைத் தாங்கும் இணைப்பு. சிக்னல் செல்லும் பாதையில் ஏறக்குறைய 4 கிலோமீட்டர் முழுக்க மழை என்று எடுத்துக்கொண்டால், மணிக்கு 33 மில்லிமீட்டர் வேகத்தில் பெய்யும் மழையே அதற்குப் போதும். இடியுடன் கூடிய மழை அதை எளிதில் தாண்டிவிடும்.

ஒரு தொழில்நுட்பர்: செயற்கைக்கோளிலிருந்து வரும் டவுன்லிங்க்கின் 12 கிகாஹெர்ட்ஸைவிட, நாம் அனுப்பும் அப்லிங்க்கின் 14 கிகாஹெர்ட்ஸில்தான் மழை அதிகம் உறிஞ்சும். ஆகவே குறை அப்லிங்க்கில்தான். சிக்னலை அனுப்பும் 2 வாட் பி.யூ.சி.யை 4 வாட்டாக மாற்றினால் முடிந்தது.

முதல் வாக்கியத்தை முழுமையாக ஏற்கிறேன். மேலே சொன்ன அதே மழை 14 கிகாஹெர்ட்ஸில் ஏறக்குறைய 6.8 டெசிபெல் உறிஞ்சும். ஆனால் செயற்கைக்கோளின் ஆன்டெனா எப்போதுமே வெதுவெதுப்பான பூமியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது. மழையால் அதன் இரைச்சல் கூடுவதில்லை. ஆகவே அங்கே 6.8 என்பது 6.8 ஆகவே நிற்கும். டவுன்லிங்க்கில் 5 என்பது 9 ஆகிவிடும். பாடக் காட்சிகள் வருவது டவுன்லிங்க் வழியாகத்தான். 4 வாட் தரும் 3 டெசிபெல் அந்தப் பக்கம் எதையும் மாற்றாது.

எந்தப் பக்கம் முதலில் விழுகிறது என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. மழையின்போது மோடம் பக்கத்தைத் திறந்து வையுங்கள். Es/N0 சரிந்து சரிந்து, கடைசியில் ரிசீவ் விளக்கு அணைந்தால் குறை டவுன்லிங்க்கில். ரிசீவ் விளக்கு எரிந்துகொண்டே இருக்க, அனுப்பும் திறன் உச்சியைத் தொட்டபின் இணைப்பு அறுந்தால் அப்லிங்க்கில். இரண்டாவது நிலை என்றால் உங்கள் 4 வாட் யோசனைக்கு நானே கையெழுத்திடுவேன்.

ஒரு தலைமையாசிரியர்: ஒப்பந்தத்தில் 99.5 சதவீத நேரம் இணைப்பு இருக்கும் என்று எழுதியிருக்கிறார்கள். ஒப்புக்கொள்ளலாமா?

ஐயா, அரை சதவீதம் என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 44 மணி நேரம். அது ஆண்டு முழுதும் பரவி வந்தால் யாருக்கும் தெரியாது. மழைக்காலத்தில், அதுவும் பிற்பகல் மழை மிகுந்த இடங்களில், கடைசி இரண்டு பாடவேளைகளில் குவிந்து வந்தால் அந்தப் பாடங்களே இல்லாமல் போகும். 99.9 என்றால் 9 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. ஆகவே சதவீதத்தை மட்டும் பார்க்காதீர்கள். கணக்கில் எந்த மழை அளவை எடுத்தார்கள், இரைச்சல் உயர்வைச் சேர்த்தார்களா என்று எழுத்தில் கேளுங்கள். பொதுவாக, சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ITU-R P.618 முறையில், ஆண்டில் 0.01 சதவீத நேரம், அதாவது சுமார் 53 நிமிடம், மிஞ்சப்படும் மழை வேகத்திலிருந்து கணக்குப் போடுவார்கள். அந்த வேகம் வரைபடத்திலிருந்து வருகிறது. மலைச்சரிவில் இருக்கும் பள்ளிக்கு வரைபடம் சொல்வதைவிடக் கூடுதலாகவே பெய்யலாம்.

இன்னொரு ஆசிரியர்: எங்களுக்கு மார்ச் மாதத்தில் சில நாள்கள், வெயில் கொளுத்தும்போதே சில நிமிடம் அறுந்துபோகிறது. மார்ஜினைக் கூட்டினால் சரியாகுமா?

இது மழை அல்ல. சம இரவு பகல் நாள்களை ஒட்டிச் சூரியன் செயற்கைக்கோளுக்குப் பின்னால் வந்து நிற்கிறது. டிஷ் நேராகச் சூரியனைப் பார்க்கிறது. செப்டம்பரை ஒட்டியும் வரும். மார்ஜினால் அதைத் தாங்குவது கடினம். நேரத்தை முன்கூட்டியே கணிக்கலாம், சேவை தருபவரிடம் கேட்டு இடைவேளையை அங்கே வையுங்கள்.

ஒரு பராமரிப்பாளர்: எங்களிடம் மழை நின்று மறுநாள்கூட Es/N0 3 டெசிபெல் குறைவாகவே இருக்கிறது. டிஷ் சிறியதோ?

மழை மங்கல் மழையோடு போய்விடும். மேகம் விலகிய சில நிமிடங்களில் எண் பழைய இடத்துக்கு வர வேண்டும். வரவில்லை என்றால் தண்ணீர் எங்கோ தங்கியிருக்கிறது, அல்லது காற்றில் டிஷ் நகர்ந்திருக்கிறது.

ஒரு பள்ளியில் இதே புகாருக்காக எல்.என்.பி. கனெக்டரைக் கழற்றினேன். உள்ளிருந்து ஒரு சொட்டு நீர் என் விரலில் விழுந்தது. நடுக்கம்பி கறுத்து, ஓரத்தில் பச்சை பூத்திருந்தது. கேபிள் மேலிருந்து நேராகக் கனெக்டருக்குள் இறங்கியதால், மழைநீர் அதன் வழியே வழிந்து உள்ளே போயிருக்கிறது. நுனியை வெட்டிப் புதிய கனெக்டர் போட்டு, தன்னொட்டு ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, கேபிளைக் கனெக்டருக்குக் கீழே ஒரு வளைவாகத் தொங்கவிட்டேன். அன்றே எண் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. முதலில் இதைப் பாருங்கள். டிஷ் அளவைப் பிறகு பேசலாம்.

முதல் ஆசிரியை: அப்படியானால் நான் 1.8 மீட்டர் டிஷ் கேட்கட்டுமா?

முதலில், சிக்னல் குறையும்போது மெதுவான அனுப்பும் முறைக்குத் தானாக இறங்கும் ஏ.சி.எம். மோடத்தில் இயங்குகிறதா, எதுவரை இறங்க அனுமதி என்று கேளுங்கள். QPSK 1/4 வரை இறங்கலாம் என்றால், இதே டிஷ் 7.7 டெசிபெல் மழையைத் தாங்கும். மணிக்கு 49 மில்லிமீட்டர். வேகம் பாதியாகும். காணொளி நிற்கும், ஆசிரியரின் குரலும் பாடப் பக்கங்களும் வரும். மழை வேளையில் குரலுக்கு முன்னுரிமை தரும்படி அமைக்கச் சொல்லுங்கள். சில சேவையாளர்கள் அவ்வளவு கீழே விடமாட்டார்கள், பகிர்ந்த அலைவரிசையை அது அதிகம் பிடிக்கும் என்பதால்.

1.8 மீட்டர் 3.5 டெசிபெல் கூட்டித் தரும், இரண்டு பக்கமும். வேகம் குறையாமலேயே 7.8 டெசிபெல் மழை வரை போகலாம். ஏ.சி.எம்.மும் சேர்ந்தால் 11 வரை.

அதே தொழில்நுட்பர்: காற்று பலமான மேட்டில் 1.8 மீட்டர் வைத்துப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் ஏறித் திருப்ப வேண்டியிருந்தது.

நியாயமான எச்சரிக்கை. 1.2 மீட்டரின் கற்றை அகலம் சுமார் ஒன்றரை டிகிரி, 1.8 மீட்டரில் ஒரு டிகிரிதான், அதே அசைவு அதிகம் வலிக்கும். காற்று வாங்கும் பரப்பும் இரண்டேகால் மடங்கு. கான்கிரீட் அடித்தளம் போட முடியாத கூரை என்றால் நான் 1.2 மீட்டரோடும் ஏ.சி.எம்.மோடும் நிற்பேன். அடித்தளம் போட முடிந்தாலும் எது சரி என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியவில்லை. அம்மா, அடுத்த மழையில் நிமிடத்துக்கு ஒரு முறை Es/N0-வையும் அனுப்பும் திறனையும் குறித்து எடுத்து வாருங்கள்.