பெயர் மாறிப் பதிந்த யோசனை

கேள்வி: நான் திருகோணமலையில் ஒரு தொண்டு நிறுவனத்தில் திட்ட உத்தியோகத்தர். கரையோரப் பெண்கள் மணலில் கருவாடு காயப்போடுவதை விட்டு, வலை கட்டிய பரணில் போடப் பழக்கலாம் என்று நான் தங்கச்சி என்று கூப்பிடும் எங்கள் இளம் கள உத்தியோகத்தர் ஒருநாள் சொன்னாள். போன மாதக் கூட்டத்தில் பணிப்பாளர் "புதிதாக ஏதும் உண்டா?" என்று கேட்டதும் நான் அதை என் யோசனைபோலச் சொல்லிவிட்டேன். கூட்டறிக்கையிலும் என் பெயர்தான். அவள் இப்போது என்னோடு சரியாகக் கதைக்கிறாள் இல்லை. எப்படிச் சரிசெய்வது? – வாசகி, திருகோணமலை

பதில்: உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது கூட்டறிக்கை. கூட்டத்தில் சொன்னதை ஆட்கள் மறந்துவிடுவார்கள். நாளை அந்தத் திட்டத்துக்கு நிதி கேட்டு எழுதும்போதும், அவளுடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போதும் எடுத்துப் பார்ப்பது அந்தத் தாளைத்தான். அங்கே திருத்தாமல் அவளிடம் மட்டும் மன்னிப்புக் கேட்டால், உங்கள் மனம் ஆறும். அவளுக்கு ஒன்றும் கிடைக்காது.

என்றாலும் முதலில் அவளிடம்தான் போக வேண்டும். அவள் மூதூர் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற பின்னேரத்தில் வேண்டாம். காலையில், பக்கத்து மேசைகள் நிறையும் முன்னர் கதையுங்கள். "தங்கச்சி, பரண் உங்கட யோசனை. கூட்டத்தில உங்கட பேரைச் சொல்லாம விட்டது என்ட பிழை. அடுத்த கூட்டத்தில அறிக்கையைத் திருத்தச் சொல்லப் போறன். எப்படிச் சொன்னா உங்களுக்குச் சரி?" இவ்வளவு போதும். "மனசு நொந்திருந்தால்" என்று ஒரு "இருந்தால்" போட்டால், நோகவில்லை என்று சொல்ல வேண்டிய கடமை அவள் தலையில் விழும். பணிப்பாளர் திடீரென்று கேட்டதால் வாய் தவறிவிட்டது என்ற விளக்கமும் வேண்டாம். அவள் கேட்டால் மட்டும் சொல்லுங்கள். அழுதுவிடாதீர்கள். அழுதால் உங்களைத் தேற்றுவதும் அவளுடைய வேலையாகிவிடும்.

கடைசிக் கேள்விக்கு அவள் சொல்லும் பதிலைக் கவனியுங்கள். "விடுங்க அக்கா" என்பாள், பெரும்பாலும். ஒப்பந்தத்தில் இருக்கும் இளையவள் மூத்த உத்தியோகத்தரிடம் வேறு என்ன சொல்வாள்? அதைச் சம்மதமாக எடுத்துத் திருத்தத்தைக் கைவிட வேண்டாம். கூட்டத்தில் தன்னை எழுப்பிப் பேசவிட வேண்டாம் என்று கேட்டால் மட்டும் அப்படியே செய்யுங்கள்.

இனிக் கூட்டம். அதற்கு முதல்நாள் பணிப்பாளரிடம் ஒரு வரி சொல்லி வையுங்கள். அனுமதி கேட்க அல்ல, அவர் சபையில் திகைக்காமல் இருக்க. "இதெல்லாம் எங்களுக்குள்ளதானே" என்று அவர் தட்டிக்கழிக்கப் பார்த்தால், "அறிக்கையில் பிழை இருக்கிறது, திருத்த வேண்டும்" என்று மட்டும் சொல்லுங்கள். பிழையான அறிக்கை அவருக்கும் தொல்லைதான்.

சென்ற கூட்டறிக்கையை வாசித்து, யாராவது முன்மொழிந்து இன்னொருவர் வழிமொழிவதற்கு முன்னர் கையை உயர்த்துங்கள். திருத்தத்துக்கென்றே உள்ள இடம் அது. அங்கே சொன்னால் நாடகமாகவும் தெரியாது. "பரணில் கருவாடு காயவைக்கும் முன்மொழிவு என் பெயரில் பதிவாகியிருக்கிறது. அந்த யோசனை நம் கள உத்தியோகத்தருடையது. நான்தான் அதைச் சொல்லாமல் விட்டேன். செலவுக் கணக்கு மட்டும் நான் போட்டது. அப்படியே திருத்திப் பதியக் கேட்கிறேன்." இதைச் சொல்லும்போது அவளுடைய முழுப் பெயரைச் சொல்லுங்கள். செலவுக் கணக்கு உங்களுடையது இல்லையென்றால் அந்த வசனத்தை விட்டுவிடுங்கள். உங்களுடையதுதான் என்றால் ஒளிக்கத் தேவையில்லை. "நாங்கள் எல்லோரும் சேர்ந்து யோசித்தது" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். கேட்க அடக்கமாக இருக்கும். ஆனால் அவள் பெயரை இரண்டாம் முறையும் அழிக்கிற வசனம் அது.

போன அறிக்கையை ஏற்கெனவே உறுதிப்படுத்திவிட்டார்கள் என்றால், அறிக்கையிலிருந்து எழும் விடயங்கள் வரும்போது சொல்லலாம். அப்போது திருத்தம் புதிய அறிக்கையில் பதிவாகும்.

அந்த முன்மொழிவை எழுதி மின்னஞ்சலிலும் அனுப்பியிருந்தால், கூட்டம் முடிந்த அன்றே, அது போன அத்தனை பேருக்கும் அதே மின்னஞ்சலுக்குப் பதிலாக இரண்டு வரி எழுதுங்கள். முன்மொழிவின் முதல் பக்கத்தில் அவள் பெயரைச் சேர்த்துத் திரும்ப இணையுங்கள். கூட்டத்துக்கு வராதவர்களிடம் பழைய பிரதிதான் இருக்கும். நிதி வழங்குநருக்கு அது போக இருக்கிறது என்றால் கூட்டம் வரை காத்திராமல் இதை முதலில் செய்யுங்கள்.

பரணின் உயரம் என்ன, மாரியில் என்ன செய்வது என்று இனி யாராவது உங்களிடம் கேட்டால் அவளிடம் அனுப்புங்கள். களத்தில் அந்தப் பெண்களோடு இருந்து பார்த்தவள் அவள்தான்; பதிலும் அவளிடம்தான் இருக்கும்.

இவ்வளவுக்கும் பிறகு அவள் பழையபடி உங்களோடு கதைப்பாள் என்று நான் சொல்லமாட்டேன். உங்கள் முன் ஒரு யோசனையைச் சொல்ல இன்னும் பல மாதம் யோசிப்பாள். "என்னை மன்னிச்சிட்டீங்களா?" என்று கேட்டுக் கேட்டு அவளை அவசரப்படுத்தாதீர்கள்.