ஆண்டுச் சந்தா முன்பணமும் மாத வருமானமும்: கேள்வி பதில்

டர்பனில் சிறு தொழில்களுக்குக் கணக்குப் பார்க்கும் எங்கள் உறுப்பினர் ஒருவர், முன்கூட்டி வாங்கும் சந்தாவைக் கணக்கில் எப்படி எழுதுவது என்பது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் அளிக்கிறார்.

சாட்ஸ்வொர்த், இசை வகுப்பு நடத்துபவர்: அக்கா, ஆண்டுச் சந்தா வாட் உட்பட 2,760 ராண்ட். நவம்பர் 1-இல் தொடங்கிய வகுப்புக்கு 40 பேர் முழுப் பணமும் கட்டிவிட்டார்கள். எனக்கு வாட் பதிவு உண்டு. கணக்கு ஆண்டு பிப்ரவரியில் முடிகிறது. வங்கியில் 1,10,400 ராண்ட் இருக்கிறது. இதில் எவ்வளவு என் வருமானம்?

பணம் வந்த அன்று ஒரு ராண்ட் கூட இல்லை. அதில் 14,400 ராண்ட் வாட். அது வரித்துறையான சார்ஸுக்குச் சேர வேண்டியது. எஞ்சிய 96,000 ராண்ட், நீங்கள் இனிமேல் நடத்த வேண்டிய பன்னிரண்டு மாத வகுப்புகளுக்காகப் பெற்றோர்கள் உங்களிடம் விட்டுவைத்திருக்கும் பணம். ஆகவே வங்கிக் கணக்கில் 1,10,400 பற்று எழுதி, வாட் கணக்கில் 14,400, 'முன்கூட்டிப் பெற்ற வருமானம்' என்ற கணக்கில் 96,000 என்று வரவு எழுதுங்கள். பெயரில் வருமானம் என்று இருந்தாலும் இந்தக் கணக்கு இருப்புநிலைக் குறிப்பில் பொறுப்புகளின் பக்கம்தான் நிற்கும்.

பிறகு ஒவ்வொரு மாத இறுதியிலும் அந்தப் பொறுப்புக் கணக்கில் 8,000 பற்று, சந்தா வருமானத்தில் 8,000 வரவு. நவம்பர் முதல் பிப்ரவரி வரை நான்கு மாதங்கள். எனவே இந்த ஆண்டின் இலாப நட்டக் கணக்கில் 32,000 ராண்ட் மட்டும் வருமானமாகத் தெரியும், 64,000 ராண்ட் பொறுப்பாக அடுத்த ஆண்டுக்குப் போகும். உங்கள் ஆசிரியர் சம்பளமும் வகுப்பறை வாடகையும் மார்ச் முதல் அக்டோபர் வரை தொடர்ந்து வரப்போகின்றன. முழு 96,000-ஐயும் நவம்பரிலேயே வருமானமாக எழுதிவிட்டால், அந்த எட்டு மாதங்களில் செலவு மட்டும் இருக்கும், எதிரே வருமானம் இருக்காது. நன்றாக நடக்கும் வகுப்பு நட்டத்தில் ஓடுவதுபோல் கணக்கு காட்டும்.

எக்செலில் வைத்திருப்பவர்கள் ஒரு மாணவருக்கு ஒரு வரிசை என்று எழுதுங்கள். தொடங்கிய நாள் B2-இல், வாட் நீக்கிய தொகை C2-இல், மாத இறுதி நாள் F1-இல் இருந்தால், அன்று வரை ஈட்டிய தொகை இது:

```
=IF(B2>$F$1,0,MIN(12,DATEDIF(B2,$F$1+1,"m"))*C2/12)
```

C2-இலிருந்து இதைக் கழித்தால் கிடைப்பது அந்த மாணவருக்கு நீங்கள் இன்னும் தர வேண்டியது. எல்லா வரிசைகளின் அந்த மிச்சத்தையும் கூட்டினால், பேரேட்டில் உள்ள பொறுப்புக் கணக்கின் இருப்போடு ராண்ட் பிசகாமல் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால், யாரோ ஒருவர் இரண்டு முறை பதிவாகியிருக்கிறார், அல்லது விலகிய ஒருவர் பட்டியலில் இன்னும் இருக்கிறார். மாதப் பதிவை மட்டும் பழக்கத்தில் போட்டுக்கொண்டு இந்த ஒப்பீட்டை விட்டுவிடுகிறவர்களே அதிகம்.

அதே வகுப்பின் பெற்றோர் ஒருவர்: நானும் கொஞ்சம் கணக்குத் தெரிந்தவன்தான். 2,760-ஐ 12-ஆல் வகுத்தால் மாதம் 230. அதையே வருமானமாக எழுதலாமே. வருமானம் மாதாமாதம் என்றால் வாட்டும் மாதாமாதம் கட்டினால் போதும் அல்லவா?

பன்னிரண்டாகப் பிரிப்பது வரை நீங்கள் சொல்வது சரி. ஆனால் 230-இல் 30 ராண்ட் வாட். அது எந்த மாதத்திலும் வகுப்பின் வருமானம் ஆகாது. பிரிக்க வேண்டியது 2,400, மாதத்துக்கு 200. 230 என்று எழுதினால் ஆண்டு முடிவில் 40 பேருக்கு 14,400 ராண்ட் இல்லாத வருமானம் ஏறியிருக்கும், வாட் கணக்கு அதே அளவு குறையும்.

இரண்டாவது பகுதியை ஏற்க முடியாது. வாட் சட்டத்தின் பொது விதி, இன்வாய்ஸ், பணம் இரண்டில் எது முந்துகிறதோ அந்த நாளைப் பார்க்கிறது. வகுப்பு எந்த மாதத்தில் நடக்கிறது என்பதை அல்ல. முழுப் பணமும் நவம்பரில் கைக்கு வந்துவிட்டதால், 14,400 ராண்டும் நவம்பர் அடங்கிய வாட் காலத்தின் படிவத்திலேயே போக வேண்டும். அந்தப் பணத்தைத் தனியாக எடுத்து வையுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வேன். ஆண்டுச் சந்தா வாங்கும் பலர் படிவ நாள் வரும்போது அதைச் செலவழித்திருப்பார்கள்.

வெருலம், மளிகைக் கடைக்காரர்: எனக்கும் இதே பிரச்சினைதான். கடைக் காப்பீட்டுக்கு ஓர் ஆண்டுப் பணத்தை மொத்தமாகக் கட்டிவிட்டேன். அதையும் முன்கூட்டிப் பெற்ற வருமானத்தில் எழுதலாமா?

நீங்கள் கட்டியவர், வாங்கியவர் அல்லர். ஆகவே உங்களுக்கு இது முன்கூட்டிச் செலுத்திய செலவு, சொத்துப் பக்கத்தில் வரும். மாதாமாதம் பன்னிரண்டில் ஒரு பங்கைச் செலவுக்கு மாற்றுங்கள். நான் மேலே எழுதியது உங்கள் காப்பீட்டு நிறுவனத்தின் கணக்குக்குப் பொருந்தும்.

லெனேசியா, மென்பொருள் விற்பவர்: ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான சந்தாவுக்கு டிசம்பர் 5-ஆம் தேதியே 69,000 ராண்டுக்கு இன்வாய்ஸ் அனுப்பிவிட்டோம். வாடிக்கையாளர் ஒரு நிறுவனம். பணம் இன்னும் வரவில்லை. இன்வாய்ஸ் போட்டாலே பொறுப்புக் கணக்கில் 60,000 ஏற்றலாம் என்கிறார் எங்கள் கணக்கர்.

உங்கள் ஒப்பந்தத்தைப் படிக்காமல் அவர் அப்படிச் சொல்லியிருந்தால் அவசரப்பட்டிருக்கிறார். வருமானத்தை எப்போது எழுதுவது என்று சொல்லும் சர்வதேசக் கணக்குத் தரநிலையான ஐஎஃப்ஆர்எஸ் 15-ஐ நீங்கள் பின்பற்றுகிறீர்கள் என்றால் கேட்க வேண்டியது ஒன்றுதான்: டிசம்பர் 31 அன்று, அந்தப் பணத்தைக் கேட்க உங்களுக்கு நிபந்தனையற்ற உரிமை இருந்ததா? வாடிக்கையாளர் ரத்து செய்ய முடியாத ஒப்பந்தமாக இருந்து, பணம் கட்ட வேண்டிய நாளும் டிசம்பருக்குள் வந்துவிட்டது என்றால் உரிமை உண்டு. கடனாளிகள் கணக்கில் பற்று, பொறுப்புக் கணக்கில் 60,000 வரவு என்பது சரி. ஜனவரிக்கு முன் எந்த இழப்பும் இல்லாமல் அவர் விலகிக்கொள்ளலாம் என்றால், இரு தரப்பும் இன்னும் எதையும் செய்யவில்லை. சொத்தையும் பொறுப்பையும் ஒரே அளவுக்கு ஊதிக் காட்டுவதால் இருப்புநிலைக் குறிப்பு பெரிதாகத் தெரியுமே தவிர, உண்மையில் எதுவும் கூடவில்லை. வங்கிக்கடன் கேட்கும் நேரத்தில் இப்படிச் சில கணக்குகள் திடீரென்று பருத்திருப்பதைக் கண்டிருக்கிறேன்.

வாட் மட்டும் இந்த வேறுபாட்டைப் பார்க்காது. நீங்கள் இன்வாய்ஸ் அடிப்படையில் பதிவு செய்தவர் என்றால், பணம் வராவிட்டாலும் அந்த 9,000 ராண்ட் டிசம்பர் அடங்கிய காலத்திலேயே கட்ட வேண்டியதாகிவிட்டது. ஜனவரிச் சந்தாவுக்கு டிசம்பர் தொடக்கத்திலேயே இன்வாய்ஸ் அனுப்பும் அவசரத்துக்கு இதுதான் விலை.

ஃபீனிக்ஸ், யோகா நிலையம்: ஐந்து மாதம் வந்த ஒருவர் விலகுகிறார். எங்கள் சந்தாவும் அதே 2,760 தான். வாங்கிய பணத்தைத் திருப்பித் தரும்போது ஈட்டிய வருமானத்தையும் குறைக்க வேண்டுமா?

குறைக்கக் கூடாது. ஐந்து மாதத்துக்கான 1,000 ராண்டை நீங்கள் வகுப்பு நடத்தி ஈட்டிவிட்டீர்கள். அது அப்படியே இருக்கட்டும். பொறுப்புக் கணக்கில் அவர் பெயரில் எஞ்சியிருப்பது 1,400. முழு மிச்சத்தையும் திருப்பித் தருவதாக இருந்தால், பொறுப்பில் 1,400 பற்று, வாட்டில் 210 பற்று, வங்கியில் 1,610 வரவு. கிரெடிட் நோட் ஒன்றையும் கொடுத்துவிடுங்கள், அது இல்லாமல் 210-ஐ வாட்டில் கழிக்க முடியாது.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, குறிப்பிட்ட காலத்துக்குச் சேர்ந்த தனி நபர் 20 வேலை நாள் முன்னறிவிப்புக் கொடுத்து இடையில் விலகலாம்; நீங்கள் நியாயமான ரத்துக் கட்டணம் பிடித்துக்கொள்ளலாம். அப்படிப் பிடித்தது, ரத்தாகிய மாதத்திலேயே வருமானமாக வரும். மீதி ஏழு மாதங்களுக்குப் பரப்ப வேண்டியதில்லை, ஏனெனில் அவருக்கு இனி நீங்கள் எதுவும் செய்யப்போவதில்லை. மறக்காமல் அவரது வரிசையைப் பட்டியலில் முடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த மாதமும் அவர் பெயரில் 200 வருமானம் வரும், ஒரு நாள் பொறுப்புக் கணக்கு எதிர்மறையாக நிற்கும்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க், ஆசிரியர்: அப்படியானால் வருமான வரியையும் 32,000-க்குத்தானே கட்ட வேண்டும்?

இல்லை. இதைக் கேட்டதும் பலருக்கு முகம் மாறும். வருமான வரிச் சட்டத்தில் மொத்த வருமானம் என்பது பெற்றது அல்லது சேர்ந்தது. தன் பயனுக்காகப் பெற்றுவிட்டால், உழைத்து ஈட்டாததாக இருந்தாலும் அது கணக்கில் வரும். ஆகவே சாட்ஸ்வொர்த் வகுப்பின் 96,000-உம் அந்த ஆண்டின் வரிக் கணக்கில் வரும். ஏட்டில் 64,000-ஐப் பொறுப்பாக வைத்திருப்பது சார்ஸைக் கட்டுப்படுத்தாது.

ஆறுதலாக இருப்பது 24சி பிரிவு. அந்த ஒப்பந்தத்தை நிறைவேற்ற இனி ஆகப்போகும் செலவுக்கு ஒரு கழிவு கேட்கலாம். எஞ்சிய எட்டு மாதங்களுக்கு ஆசிரியர் சம்பளமும் வாடகையுமாக 40,000 ராண்ட் ஆகும் என்று காட்ட முடிந்தால், அதுவே கழிவுக்கு எல்லை. 64,000 அல்ல, ஏனெனில் உங்கள் இலாபப் பங்குக்குக் கழிவு கிடையாது. அடுத்த ஆண்டு அந்த 40,000 மறுபடி வருமானத்தில் சேரும். வருமானமும் செலவும் ஒரே ஒப்பந்தத்திலிருந்து வர வேண்டும் என்பதில்தான் வழக்குகள் வருகின்றன. 2020-இல் பிக் ஜி ரெஸ்டாரண்ட்ஸ் வழக்கில் அரசியலமைப்பு நீதிமன்றம் இதே காரணத்தால் கழிவை மறுத்தது. உங்கள் வகுப்பறை வாடகை, மாணவர்களோடு செய்த ஒப்பந்தத்தை நிறைவேற்றும் செலவுதான் என்று எப்படி நிறுவுவீர்கள் என்பதை முன்கூட்டியே யோசித்து வையுங்கள்.

சாட்ஸ்வொர்த், இசை வகுப்பு நடத்துபவர், மறுபடியும்: சேரும்போது ஒரு முறை மட்டும் 300 ராண்ட் சேர்க்கைக் கட்டணம் வாங்குகிறேன், திருப்பித் தருவதில்லை. அதை உடனே வருமானமாக எழுதலாமா?

திருப்பித் தராதது என்பதால் மட்டும் ஈட்டியது ஆகிவிடாது. பெயரைப் பதிவேட்டில் எழுதியதால் மாணவருக்குத் தனியாக எதுவும் கிடைக்கவில்லை. அது வகுப்புக்கான விலையின் ஒரு பகுதிதான், ஆகவே வாட் நீக்கிப் பரப்ப வேண்டும். எத்தனை மாதங்களுக்கு என்பதில்தான் எனக்கும் டர்பனில் உள்ள என் சக கணக்கர் ஒருவருக்கும் ஒத்துவரவில்லை. ஒப்பந்தம் பன்னிரண்டு மாதம், ஆகவே பன்னிரண்டு என்கிறார் அவர். இரண்டாம் ஆண்டு அந்தக் கட்டணம் இல்லாமல் தொடரலாம் என்பதே மாணவர்களைத் தக்கவைக்கும் சலுகையாக இருந்தால், அவர்கள் வழக்கமாக எத்தனை ஆண்டு படிக்கிறார்களோ அத்தனைக்கும் பரப்ப வேண்டும் என்பது என் கருத்து. சந்தாவோடு ஒப்பிட்டால் 300 சிறிய தொகைதானே, அதற்காகவா தங்குகிறார்கள் என்று அவர் கேட்கிறார். உங்கள் மாணவர்களில் எத்தனை பேர் இரண்டாம் ஆண்டும் தொடர்ந்தார்கள் என்ற பதிவு இருந்தால் அனுப்புங்கள்.