கூன் போக்கர்: ஜாக்கியின் பந்தய விகிதம் ஏன் மாறுகிறது?

"ஜாக்கி, ராணி, ராஜா என மூன்றே சீட்டுகளோடு இருவர் ஆடும் கூன் போக்கருக்கு உகந்த உத்தியைத் தேடும் நிரலை ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் முதல் ஆட்டக்காரர் ஜாக்கியை வைத்துப் பந்தயம் கட்டும் விகிதம் மாறுகிறது, அவருக்கான ஆட்டத்தின் மதிப்பு மட்டும் மாறாமல் −1/18. நிரலில் பிழையா?"

பிழையில்லை. முதல் ஆட்டக்காரருக்கு ஒரே ஒரு உகந்த உத்தி கிடையாது. ஜாக்கியில் 0 முதல் 1/3 வரை எந்த விகிதத்தில் பொய்ப்பந்தயம் கட்டினாலும், ராஜாவில் அதன் மூன்று மடங்கு விகிதத்தில் கட்டினால் சமநிலை நிற்கும்.

காரணம் ராணியை வைத்திருக்கும் எதிராளி. மேசையில் இருக்கும் 3 காசை வெல்ல அவர் 1 காசு போட வேண்டும். மூன்று ராஜாவுக்கு ஒரு ஜாக்கி என்று பந்தயம் வந்தால்தான், ஏற்பதும் விடுவதும் அவருக்கு ஒன்றாகும்.

உங்கள் விடையில் ராஜாவின் விகிதத்தை ஜாக்கியினதால் வகுத்துப் பாருங்கள். ஏறத்தாழ 3 வர வேண்டும். முதல் ஆட்டக்காரர் ராணியோடு பந்தயம் கட்டாமல் விட்டு, பிறகு எதிராளியின் பந்தயத்தை ஏற்கும் விகிதம் ஜாக்கியினதைவிட 1/3 கூடுதலாக இருக்க வேண்டும். இரண்டாம் ஆட்டக்காரரின் உத்தி மாறவே கூடாது: ராணியோடு பந்தயத்தை 1/3 அளவே ஏற்பார்.

தவறவிட்ட லாபத்தைப் பார்த்து உத்தியைச் சுற்றுக்குச் சுற்று திருத்தும் வருத்தக் குறைப்பு முறையில் ஓட்டுகிறீர்கள் என்றால், கடைசிச் சுற்றின் உத்தியை எடுக்காதீர்கள். அது ஊசலாடிக்கொண்டே இருக்கக்கூடும், எல்லாச் சுற்றுகளின் சராசரி உத்திதான் சமநிலையை நெருங்கும். ஜாக்கியின் விகிதம் 0 ஆக வந்தால் வகுத்தல் சோதனை செல்லாது.