ஆங்ரிக்குப் பிறகு ஆனா, வித்தா?

கேள்வி: "அவன் மேல கோபம்"னு சொல்ல ஆங்ரி ஆன் ஹிம்னு எழுதுனேன், மிஸ் அடிச்சிட்டாங்க. எதுக்கு எது வரும்னு எப்படி தெரியும்?

பதில்: தப்பு அந்த 'மேல'ல தாம்ல இருக்கு. நாம தமிழ் உருப அப்படியே தூக்கி இங்கிலீஷ்ல வைக்குதோம், மேலன்னா ஆன், கூடன்னா வித்னு. ஆனா அங்க எது வரும்னு முடிவு பண்ணுதது முன்னால நிக்க வார்த்தைதான். ஆங்ரிக்குப் பின்னால ஆள் வந்தா வித், இல்லன்னா அட், விஷயம் வந்தா அபௌட். பாளையங்கோட்டைல படிக்க எங்க அக்கா மவன் போன வாரம், பஸ் லேட்டா வந்ததுக்கு கண்டக்டர் மேல கோபம்னு எழுதணும்னு ஆங்ரி ஆன் த கண்டக்டர்னு எழுதிருந்தான், நான் ஆங்ரி வித் த கண்டக்டர் அபௌட் த டிலேன்னு மாத்துனேன், ஆளும் விஷயமும் ஒரே வரில வந்துட்டு பாத்தியா. இதே மாதிரி கல்யாணத்துல 'கூட' ஏமாத்தும், மேரிட் வித் இல்ல, மேரிட் டு.

அப்போ ஆன் எங்க வரும்? நம்ம கார் நெல்லு பாவநாசம் அணைத் தண்ணிய நம்பி இருக்குல்லா, தமிழ்ல மேலயே கிடையாது, இங்கிலீஷ்ல டிபெண்ட்ஸ் ஆன். அதுலயும் டிபெண்டண்ட் ஆன், ஆனா இண்டிபெண்டண்ட் ஆஃப்! அதனால வார்த்தைய தனியா படிக்காத, இன்ட்ரஸ்டட் இன்னு சேத்தே நோட்டுல எழுது, கூடவே ஒரு முழு வாக்கியமும் போடு. இன்னுக்குப் பின்னால வினை வந்தா இங் சேரணும், இன்ட்ரஸ்டட் இன் லேர்ன் தப்பு, லேர்னிங்தான் சரி.