வாரத்துக்கு எட்டு விண்ணப்பம், ஒரே ஒரு ஷீட்

"ஐயா, அம்பாசமுத்திரத்தில் இருக்கிறேன். பி.காம் முடிச்சு டேலி படிச்சிருக்கேன். அஞ்சு மாசமா தினமும் போன்லயே 30, 40 வேலைக்கு அப்ளை பண்றேன். எதுக்குப் போட்டேன்னே மறந்து போகுது, ராத்திரி தூக்கமும் வரல. வாரத்துக்கு எத்தனை போடணும், அதை ஷீட்ல எப்படிக் குறிச்சு வைக்கணும்?"

வாரத்துக்கு எட்டு போதும். ஒவ்வொன்றுக்கும் முக்கால் மணி நேரம் கொடுங்கள். விளம்பரத்தை முழுதாகப் படித்து, அவர்கள் கேட்பதில் உங்களுக்குத் தெரிந்ததை ரெஸ்யூமின் முதல் வரிக்குக் கொண்டுவர அவ்வளவு நேரம் வேண்டும். ஜிஎஸ்டி வேலைக்கு ஆள் கேட்டால், "டேலியில் விற்பனை, கொள்முதல் பதிவு செய்து GSTR-1 விவரம் எடுப்பேன்" என்பது மேலே நிற்கட்டும். உண்மையிலேயே தெரிந்தால் மட்டும் எழுதுங்கள், நேர்காணலில் முதல் கேள்வியே அதுதான் வரும்.

எட்டு விண்ணப்பத்தோடு நாலு தொடர் விசாரிப்பு, நேரில் இரண்டு இடம். வார இலக்கு இவ்வளவுதான். "இந்த வாரம் வேலை கிடைக்கணும்" என்று இலக்கு வைக்காதீர்கள். அது அடுத்தவர் கையில் இருக்கிறது, ஒவ்வொரு சனிக்கிழமையும் தோற்றதாகவே தோன்றும்.

கூகுள் ஷீட்டில் ஆறு பத்தி போடுங்கள்: A நிறுவனம், B வேலை, C எங்கே பார்த்தது, D அனுப்பிய தேதி, E நிலை, F அடுத்து விசாரிக்க வேண்டிய தேதி. அனுப்பிய நாளிலிருந்து ஏழாம் நாளை F-இல் எழுதுங்கள். ஷீட்டைத் தாங்கி நிற்பது இந்தப் பத்திதான். கடைசி ஏழு நாளில் எத்தனை அனுப்பினீர்கள் என்று எண்ண, H1 கட்டத்தில் இதை இடுங்கள்:

```
=COUNTIFS(D:D,">="&TODAY()-6)
```

எண்ணிக்கை குறைவாகக் காட்டினால் தேதியைப் பாருங்கள். ஷீட் அமெரிக்க அமைப்பில் இருந்தால் 05/07 என்பது மே 7 ஆகிவிடும். 15/07 தேதியாகவே சேராமல், எழுத்தாகக் கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டி நிற்கும். அமைப்புகளில் நாட்டை இந்தியா என்று மாற்றிவிட்டு, பழைய தேதிகளை ஒருமுறை திரும்ப அடியுங்கள்.

திங்கள்கிழமை தேடுவதோடு சரி. வேலைத் தளங்களையும் அரசின் tnprivatejobs.tn.gov.in தளத்தையும் பார்த்து எட்டைத் தேர்ந்தெடுத்துவிட்டு மூடிவிடுங்கள். செவ்வாய் நாலு, புதன் நாலு அனுப்புங்கள். வியாழன் விசாரிப்பு, வெள்ளி நேரில் போவது. எந்த நாளும் மூன்று மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம். ஞாயிறு முழு விடுமுறை. வேலைத் தளங்களின் நோட்டிபிகேஷனை அணைத்து வையுங்கள். உங்கள் தூக்கத்தைக் கெடுப்பதில் அதற்குப் பெரிய பங்கு இருக்கும்.

பாளையங்கோட்டை ஆடிட்டர் ஆபீஸ்களுக்குப் போவதாக இருந்தால் நாள் பார்த்துப் போங்கள். மாதாமாதம் தாக்கல் செய்பவர்களுக்கு GSTR-1 கெடு 11ஆம் தேதி, GSTR-3B கெடு 20ஆம் தேதி. அதற்கு முந்தைய இரண்டு மூன்று நாள் அங்கே யாரும் தலை நிமிர மாட்டார்கள். 22க்கு மேல் போனால் உட்காரவைத்துப் பேசுவார்கள்.

நாலு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை C பத்தியையும் E பத்தியையும் சேர்த்துப் பாருங்கள். உதாரணத்துக்கு, 32 அனுப்பியதில் தளங்கள் வழி 24, அழைப்பு ஒன்று. நேரிலும் தெரிந்தவர் வழியிலும் 8, அழைப்பு மூன்று என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அடுத்த மாதம் வாரத்துக்குத் தளம் வழி நாலு, நேரில் நாலு என்று மாற்றுங்கள். மொத்தத்தில் அழைப்பே இல்லையென்றால் கோளாறு ரெஸ்யூமிலோ, நீங்கள் தேர்ந்தெடுக்கும் வேலையிலோ இருக்கிறது. போன் வந்தும் நேர்காணலுக்குக் கூப்பிடவில்லையென்றால், சம்பளமும் ஊரும் பேசும் இடத்தில் முறிகிறது. இருபதுக்குக் குறைவான விண்ணப்பத்தை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

ஷீட்டால் இன்னொரு பாதுகாப்பும் உண்டு. "நீங்க செலக்ட் ஆயிட்டீங்க, ரெஜிஸ்ட்ரேஷனுக்குப் பணம் கட்டுங்க" என்று யாராவது கூப்பிட்டால், A பத்தியில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று உடனே பார்க்கலாம். பெயர் இருந்தாலும் பணம் கேட்டால் அந்த வரியை அதோடு முடித்துவிடுங்கள்.

சென்னையில் நேர்காணல் என்றால், முதல் சுற்றை வீடியோவில் வைக்க முடியுமா என்று தயங்காமல் கேளுங்கள். நெல்லை எக்ஸ்பிரஸில் போக ஒரு ராத்திரி, வர ஒரு ராத்திரி, நடுவில் ஒரு பகல். போய்த்தான் ஆக வேண்டுமென்றால் அந்த வார இலக்கை நாலாகக் குறைத்து, ஊர் திரும்பிய நாளைக் காலியாக விட்டுவிடுங்கள். வேலை இல்லை என்று பதில் வந்தால் E பத்தியை அன்றைக்கே திருத்த வேண்டாம், மறுநாள் காலையில் திருத்தினால் போதும்.